அறிக்கை சொல்லும் எண்ணெயும் பாட்டிலில் இருக்கும் எண்ணெயும்

எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் கடலை எண்ணெய் வரவழைக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் சிறு செக்குக்காரர்கள் மூன்று பேரிடம் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறோம். மூன்று பாட்டில்களிலும் ‘மரச்செக்கு’ என்றுதான் இருக்கும். மூன்று பேருமே கேட்டால் ஆய்வகச் சான்று அனுப்புவார்கள். விலை மட்டும் வேறு: லிட்டர் 340 ரூபாய், 310 ரூபாய், 210 ரூபாய்.

போன மார்கழியில் எதிர்வீட்டு அக்கா 340 ரூபாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். அடியில் வெள்ளையாக மேகம்போல் திரண்டிருந்தது. “பாமாயில் கலந்திருக்கான் பாரு. யூடியூபில் இப்படித்தான் சொன்னாங்க” என்றார். நான் 210 ரூபாய் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் அதுவும் அதேபோல் திரண்டிருந்தது.

கடலை எண்ணெயின் இயல்பே அதுதான். அதில் இருக்கும் நீளமான நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் குளிரில் முதலில் உறைந்து மங்கும். சுத்தமான கடலை எண்ணெயும் மங்கும், பாமாயில் கலந்ததும் மங்கும். தேங்காய் எண்ணெயை வைத்துப் பழகிய சோதனையைக் கடலை எண்ணெயிடம் கொண்டுபோனால் நேர்மையானவர்மீதுதான் பழி விழும். அக்காவைச் சமாதானப்படுத்திவிட்டு, மூன்று பேர் அனுப்பிய ஆய்வக அறிக்கைகளையும் அச்செடுத்து மேஜையில் பரப்பினேன். அதுவரை நானும் அவற்றைத் திறந்து, கடைசி வரியில் ‘தரத்துக்கு உட்பட்டது’ என்று இருப்பதைப் பார்த்து மூடியவள்தான்.

86 என்ற எண்

210 ரூபாய் எண்ணெயின் அறிக்கையில் எட்டு வரிகள் இருந்தன. நிறம், மணம், ஈரப்பதம், அமில மதிப்பு, சோப்பாதல் மதிப்பு, அயோடின் மதிப்பு, கனிம எண்ணெய்ச் சோதனை, ஆர்ஜிமோன் எண்ணெய்ச் சோதனை. எட்டிலும் தேர்ச்சி.

கலப்படம் என்று நாம் பயப்படுகிற விஷயத்தைத் தொடுகிற வரி இந்த எட்டில் பெரும்பாலும் ஒன்றுதான். அது அயோடின் மதிப்பு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுத்துக்கொள்கிறது என்பதுதான் அந்த எண். எண்ணெய் எவ்வளவு இளகிய தன்மை கொண்டதோ அந்த அளவுக்கு எண் கூடும். கெட்டித்தன்மை கூடக்கூட எண் குறையும். தேங்காய் எண்ணெய்க்கு 10-க்குக் கீழே இருக்கும். பாமோலினுக்கு 60-ஐ ஒட்டி இருக்கும். சூரியகாந்திக்கு 130 வாக்கில் இருக்கும். கடலை எண்ணெய்க்கு நம் நாட்டுத் தரவிதி வைத்திருக்கும் வரம்பு 85 முதல் 99 வரை. அந்த அறிக்கையில் இருந்த எண் 86.

வரம்புக்குள் இருக்கிறது, அதனால் தேர்ச்சி. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல கடலை எண்ணெய்க்கு அயோடின் மதிப்பு 94 என்று வைத்துக்கொள்வோம். பாமோலினுக்கு 58. நூற்றுக்கு 80 பங்கு கடலை, 20 பங்கு பாமோலின் கலந்தால் 94-இல் எண்பது சதவீதம் 75.2, 58-இல் இருபது சதவீதம் 11.6. கூட்டினால் 86.8. ஐந்தில் ஒரு பங்கு பாமோலின் கலந்த எண்ணெய் இந்தச் சோதனையில் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. ஆய்வகம் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. கேள்விதான் போதவில்லை.

86 என்று வந்ததாலேயே கலப்படம் என்றும் சொல்ல முடியாது. நிலக்கடலை ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் இந்த எண் மாறும். அதனால்தான் வரம்பையே 85 முதல் 99 வரை அகலமாக வைத்திருக்கிறார்கள். கலப்படக்காரர் அந்த அகலத்துக்குள்தான் வேலை செய்கிறார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் பாமோலினோடு சூரியகாந்தி எண்ணெயையும் சேர்ப்பார். ஒன்று எண்ணைக் கீழே இழுக்கும், மற்றொன்று மேலே தூக்கும். 70 பங்கு கடலை, 15 பங்கு பாமோலின், 15 பங்கு சூரியகாந்தி என்று கணக்குப் போட்டால் அயோடின் மதிப்பு திரும்பவும் 94-இல் வந்து நிற்கிறது.

கேட்க வேண்டிய வரி

இதைப் பிடிக்க ஆய்வகங்களில் வழக்கமாகவே செய்யும் ஒரு சோதனை உண்டு. கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து, எது எத்தனை சதவீதம் என்று பட்டியல் போடுவது. கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் செய்வார்கள். அறிக்கையில் C16:0, C18:1, C18:2 என்று வரிசையாக இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் கடலை எண்ணெய்க்கு மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்.

முதலில் C16:0. இது பால்மிட்டிக் அமிலம், பனைவகை எண்ணெய்களின் முத்திரை. கடலை எண்ணெயில் இது பெரும்பாலும் 10, 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் மேல்வரம்பு 14. பாமோலினில் அதுவே 40 சதவீதம் வாக்கில் இருக்கும். நான் போட்ட அதே 80-க்கு 20 கலவையை இங்கே வைத்துப் பாருங்கள். 11-இல் எண்பது சதவீதம் 8.8, 40-இல் இருபது சதவீதம் 8. மொத்தம் 16.8. அயோடின் சோதனையில் தப்பித்த எண்ணெய் இங்கே வெளிப்படையாக மாட்டிக்கொள்கிறது.

அடுத்தது C18:3, லினோலெனிக் அமிலம். கடலை எண்ணெயில் இது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், மேல்வரம்பு 0.3 சதவீதம். சோயா எண்ணெயில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆகவே பத்தில் ஒரு பங்கு சோயா சேர்ந்தாலும் இந்த வரி அரை சதவீதத்தைத் தாண்டிவிடும். மூன்றாவது C22:0, பெஹெனிக் அமிலம். கடலை எண்ணெயை மங்கச் செய்யும் நீளமான அமிலங்களில் இதுவும் ஒன்று. 1.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்க வேண்டும். இது ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால் பாட்டிலில் கடலையே குறைவு என்று பொருள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை இருக்கிறது. நான் சொன்ன பாமோலின், சூரியகாந்தி இரட்டைக் கலவையில் பால்மிட்டிக் அமிலம் 14.7 வாக்கில்தான் வரும். வரம்பை மயிரிழையில் தாண்டுகிறது. கடலை ரகம் கொஞ்சம் வேறாக இருந்தால் உள்ளேயே நின்றுவிடும். அதைப் பிரித்தறிய ஸ்டெரால் பகுப்பாய்வு என்று இன்னொரு சோதனை வேண்டும், செலவும் கூடும். ஒரு வீட்டு எண்ணெய்க்கு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் 20 சதவீதப் பாமோலின் என்கிற, மலிவாகவும் சோம்பலாகவும் நடக்கிற கலப்படத்தைக் கொழுப்பு அமிலப் பட்டியல் பிடித்துவிடும்.

மூன்று அறிக்கைகளில் 340 ரூபாய்க்காரர் அனுப்பியதில் மட்டும் இந்தப் பட்டியல் இருந்தது. பால்மிட்டிக் 11.2.

யாருடைய எண்ணெயைச் சோதித்தார்கள்?

எண்களுக்குப் போகும் முன்பே அறிக்கையின் மேல்பாதியைப் பார்த்திருக்க வேண்டும். ‘மாதிரி வாடிக்கையாளரால் கொடுக்கப்பட்டது’ என்று எல்லா அறிக்கைகளிலும் ஒரு வரி இருக்கும். ‘முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்று அடியில் இன்னொரு வரி இருக்கும். ஆய்வகத்தார் தங்களைக் காத்துக்கொள்ளப் போடும் சடங்கு வாக்கியங்களாக இவை தோன்றும். வாங்குகிறவருக்கு இவைதாம் மிக முக்கியம். விற்பவர் ஒரு பாட்டிலைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் இந்தத் தாள் பேசுகிறது. நம் சமையலறையில் இருக்கும் பாட்டிலுக்கும் அதற்கும் உறவு இருக்கிறதா என்று காட்டுவது தொகுதி எண் ஒன்றுதான்.

310 ரூபாய்க்காரரின் அறிக்கையில் தொகுதி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. தேதி பதினாறு மாதத்துக்கு முந்தியது. அதற்குப் பிறகு அவர் இரண்டு பட்டம் கடலை வாங்கி ஆட்டியிருப்பார். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு செக்குக்கும் தனித்தனியாகச் சோதனை செய்ய சிறு உற்பத்தியாளரிடம் பணம் இருக்காது. ஆனால் அந்தத் தாளை இன்றைய எண்ணெய்க்குச் சான்றாக அனுப்பக் கூடாது. ‘போன வருஷம் பார்த்தோம், சரியாக இருந்தது’ என்று சொல்லி அனுப்பினால் அதில் நேர்மை இருக்கிறது.

ஆய்வகம் உண்மையானதா என்று பார்ப்பது எளிது. அரசு அங்கீகார அமைப்பான என்.ஏ.பி.எல். முத்திரைக்குக் கீழே TC என்று தொடங்கும் சான்று எண் இருக்கும். அறிக்கையின் மேல்பகுதியில் ULR என்று ஒரு நீளமான எண் இருக்கும். ஒவ்வொரு அறிக்கைக்கும் அது தனி. அதன் கடைசி எழுத்து F என்றால் அந்த அறிக்கையில் உள்ள எல்லாச் சோதனைகளும் ஆய்வகத்தின் அங்கீகார எல்லைக்குள் வருபவை. P என்றால் சில சோதனைகள் மட்டுமே. ஓர் ஆய்வகம் தண்ணீர்ப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கலாம். எண்ணெய்க்குப் பெறாமல் இருக்கலாம். nabl-india.org தளத்தில் ஆய்வகத்தின் பெயரைப் போட்டால் எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியலே கிடைக்கும். ULR எண்ணைச் சொல்லி ஆய்வகத்துக்கே மின்னஞ்சல் போட்டு, ‘இது நீங்கள் கொடுத்ததுதானா’ என்று கேட்கவும் செய்யலாம். எண்ணைத் திருத்திய அறிக்கைகள் அங்கே தெரிந்துவிடும்.

உணவு உரிம எண்ணும் அப்படித்தான். பாட்டிலில் இருக்கும் 14 இலக்க எண் 2 என்று தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு, 1 என்று தொடங்கினால் உரிமம். 2 என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம், அளவு சிறியது என்றுதான் பொருள். foscos.fssai.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அவர் என்ன தொழிலுக்குப் பதிவு செய்திருக்கிறார் என்று தெரியும். உற்பத்தியாளரா, வாங்கிப் பொட்டலம் போடுகிறவரா, வெறும் வியாபாரியா என்று. ‘எங்கள் தோட்டம், எங்கள் செக்கு’ என்று விளம்பரம் செய்கிறவர் அங்கே பொட்டலம் போடுகிறவராக இருந்தால், அதைக் கேட்பதில் தப்பில்லை.

இரண்டரைக் கிலோ பருப்பு

எந்த அறிக்கையும் இல்லாமலே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. 340 ரூபாய்க்காரரிடம் போனில் கேட்டேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர்.

“ஏனுங்ணா, ஒரு லிட்டருக்கு எவ்வளவு பருப்பு புடிக்குது?”

“ரெண்டரைக் கிலோ ஆயிருமுங்க்கா. பருப்பு நல்லாக் காஞ்சு, கொழுத்துக் கெடந்தா கொஞ்சம் கம்மியாகும். மழையில நனைஞ்ச காயா இருந்தா மூணுகூட ஆகுமுங்க.”

அவர் சொன்ன அளவை வைத்துப் பார்ப்போம். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் இரண்டரைக் கிலோ 300 ரூபாய். ஆட்டியபின் ஒன்றரைக் கிலோ போலப் புண்ணாக்கு நிற்கும். மாட்டுக்காரர்களுக்குக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 60 ரூபாய் திரும்பி வரும். மீதி 240. ஆட்டுக் கூலி, வெயிலில் வைத்துத் தெளிய விடுதல், பாட்டில், மூடி, லேபிள் எல்லாம் சேர்ந்து 40 ரூபாயாவது ஆகும். அடக்கமே 280. இதற்குமேல் கூரியர், அதற்குமேல்தான் அவர் குடும்பம் சாப்பிடுவதற்கான காசு.

பருப்பு விலை மாதத்துக்கு மாதம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. உங்கள் ஊர் மண்டியில் அன்றைய பருப்பு விலையைக் கேட்டு இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்குக் காசைக் கழியுங்கள். ஒருவர் அந்தத் தொகைக்கும் கீழே செக்கெண்ணெய் தருகிறார் என்றால் பருப்பை யாரோ அவருக்கு இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். நல்லெண்ணெய்க்கும் எள் இரண்டரைக் கிலோதான். கூடவே கருப்பட்டி சேரும். தேங்காய் எண்ணெய்க்குக் கொப்பரை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை இது. விலை அதிகமாக இருப்பது மட்டும் சுத்தத்துக்குச் சான்று ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கு மலிவானதைச் சந்தேகப்பட உதவும். விலை உயர்ந்ததை நம்புவதற்கு உதவாது.

இன்னொரு எண்ணும் பேசும். அமில மதிப்பு. எண்ணெய் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண் என்பதால் குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் படிப்போம். சுத்திகரிக்காத கடலை எண்ணெய்க்கு 6 வரை அனுமதி உண்டு. ஆனால் செக்கெண்ணெயில் அது ஒன்று, ஒன்றரை என்று ஏதாவது இருக்கத்தான் செய்யும். காரம் சேர்த்து அமிலத்தை நீக்குவது சுத்திகரிப்பு ஆலையில்தான் நடக்கிறது. அங்கேதான் எண் அரைக்குக் கீழே இறங்கும். மரச்செக்கு என்று சொல்லும் எண்ணெயில் 0.2 என்று வந்து, வாசனையும் மந்தமாக இருந்தால் சுத்திகரித்த எண்ணெய் சேர்ந்திருக்கலாம். புதுக் கடலையை உடனே ஆட்டினாலும் எண் தாழ்வாக வரலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சுத்தம் வேறு, பாதுகாப்பு வேறு என்பதைச் செக்குக்காரர்கள் பலர் பேசுவதில்லை. கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரும்பகுதி நீங்கிவிடும். செக்கெண்ணெயில் கலங்கலோடு கொஞ்சம் தங்கிவிடும். ஒரு சொட்டுக் கலப்படம் இல்லாத எண்ணெயிலும் அது இருக்கலாம். எனவே கடலை எண்ணெய் அறிக்கையில் அஃப்ளாடாக்சின் வரி இல்லாவிட்டால் நான் கேட்கிறேன். சொத்தைப் பருப்பைப் பொறுக்கிவிட்டு ஆட்டுகிறார்களா, எண்ணெயை எத்தனை நாள் தெளிய விடுகிறார்கள் என்றும் கேட்கிறேன். அறிக்கை இல்லாதவரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

மஞ்சளில் நான்குக்கு ஒன்று

210 ரூபாய் எண்ணெயிலும் 340 ரூபாய் எண்ணெயிலும் ஒவ்வொரு பாட்டில் சோதனைக்கு அனுப்ப ஏழு வீடும் முடிவு செய்தோம். அறிக்கை வர பத்து நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் வீட்டில் இருந்த மற்ற பொருட்களின் தாள்களையும் எடுத்துப் படித்தேன். மஞ்சள் தூள் அறிக்கையில் விற்பவர் வண்ணம் பூசிக் காட்டியிருந்தது குர்க்குமின் அளவை. தூளுக்கு விதி கேட்பது குறைந்தது 2 சதவீதம். ஈரோட்டு மஞ்சளில் மூன்றை ஒட்டி வருவது இயல்பு. மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் ஏழு சதவீதம் வரை போகும். ஈரோட்டு மஞ்சள் என்று சொல்லி ஏழு சதவீதம் காட்டினால் பெயரோ எண்ணோ ஒன்று தவறு. நான் பயந்து தேடியது குர்க்குமினை அல்ல. ஈயம் என்ற வரியை.

அறுவடை செய்த மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் செய்வார்கள். விரலி மஞ்சள் வெளுத்துக் கிடந்தால் அந்தக் கட்டத்தில் லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சேர்ப்பது பங்களாதேஷில் பழக்கமாகவே இருந்தது. 1980-களில் வந்த வெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது தொடங்கிய வழக்கம் அது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவின் ஐ.சி.டி.டி.ஆர்.பி. நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2019-இல் சொன்னது. அதற்குப் பிறகு அரசு சந்தைகளில் இறங்கி அபராதம் போட்டது. 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயக் கலப்படம் 2021-இல் இல்லாமலே போனது. நிறமி என்பது பெயிண்டுக்குச் செய்த பொருள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்காத ஈய அளவு என்று எதையும் மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

நம் நாட்டு விதிப்படி மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் வேர், கிழங்கு வகை மசாலாக்களுக்கு 1.5-இல் நிறுத்துகிறது. ஆக, 8 என்று வந்த மஞ்சளும் இங்கே தேர்ச்சிதான். ‘தேர்ச்சி’ என்ற சொல்லைத் தாண்டி எண்ணையே படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டுக்கு நான் வைத்திருக்கும் வரம்பு 1.5.

எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது மண்ணிலிருந்து வந்ததா, நிறமியிலிருந்து வந்ததா? அதே அறிக்கையில் குரோமியம் வரி இருந்தால் ஒரு தடயம் கிடைக்கும். லெட் குரோமேட்டில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு குரோமியம் அணு. எடையில் பார்த்தால் ஈயம் ஏறக்குறைய நான்கு பங்கு, குரோமியம் ஒரு பங்கு. ஈயம் 8, குரோமியம் 2 என்று வந்திருந்தால் நிறமியின் கைரேகை அது. குரோமியம் அரவை இயந்திரத்தின் இரும்பிலிருந்தும் வரும் என்பதால், குரோமியம் மட்டும் தனியாகக் கூடியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

சில அறிக்கைகளில் ஈயத்துக்கு நேராக எண்ணே இருக்காது, BLQ என்று இருக்கும். கருவி அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவுக்கும் கீழே என்று அர்த்தம். அந்தக் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 0.05 என்று இருந்தால் நிம்மதி. 5 என்று இருந்தால் அந்த வரி நமக்கு எதையும் சொல்லவில்லை. 4.9 வரை எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

நான் இப்போது தூள் வாங்குவதில்லை. பாலிஷ் ஏறாத, தோல் சொரசொரப்பாக இருக்கும் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிறேன். வந்ததும் ஒரு விரலியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். பூசிய நிறமாக இருந்தால் உடனே கரைந்து வெளியே வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வீட்டுச் சோதனைக் கையேட்டிலும் இது இருக்கிறது. பெரிய பூச்சைத்தான் இது காட்டும். சில மில்லிகிராம் ஈயத்தைக் காட்டாது.

அரிசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா என்று ரகத்தை நிரூபிக்கிற அறிக்கை எதையும் யாரும் எனக்கு அனுப்பியதில்லை. வழக்கமான ஆய்வக அறிக்கையில் ரகம் என்ற வரியே கிடையாது. கவுனியைக் கழுவினால் தண்ணீர் ஊதாவாக மாறுவதைச் சாயம் என்று பயப்பட வேண்டாம். தவிட்டில் இருக்கும் இயற்கை நிறம் அது. அரிசியை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பாக இருக்கும். இயற்கை விவசாயம் என்று சொன்னால் பூச்சிக்கொல்லி எச்சச் சோதனையைக் கேட்கிறேன். எத்தனை மருந்துகளுக்குப் பார்த்தார்கள் என்பதையும் கேட்கிறேன். பத்து மருந்துக்குப் பார்த்து ‘எதுவும் இல்லை’ என்பதும், இருநூறு மருந்துக்குப் பார்த்து அப்படிச் சொல்வதும் ஒன்றாகாது.

நாங்கள் அனுப்பிய இரண்டு பாட்டில்கள்

சோதனைக்கு அனுப்புவதற்கு முன் ஆய்வகத்திடம் இரண்டு கேள்விகள் கேட்டோம். எண்ணெயில் கொழுப்பு அமிலப் பட்டியலுக்கு உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று. சீல் உடைக்காத பாட்டில்களையே எடுத்தோம். லேபிளையும் தொகுதி எண்ணையும் சீலையும் போட்டோ எடுத்தோம். அதே தொகுதியில் ஒரு பாட்டிலைத் திறக்காமல் பீரோவில் வைத்தோம். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை பார்க்க அது வேண்டும். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். ஏழால் வகுத்தபோது ஒரு வீட்டுக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது.

தனியார் ஆய்வக முடிவை வைத்து நாம் விசாரிக்கலாம், பணம் திருப்பிக் கேட்கலாம். சட்டப்படி நடவடிக்கை வேண்டுமென்றால் வழி வேறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 40-ஆவது பிரிவு, வாங்குகிறவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வகை செய்கிறது. வாங்கும்போதே விற்பவரிடம் ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உணவு விதிக்கு உட்படவில்லை என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆன்லைனில் வாங்குகிறவர் ஆர்டர் போடும் செய்தியிலேயே அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவைப்பது நல்லது. எழுத்தில் இருக்கும்.

பதினோராம் நாள் அறிக்கை வந்தது. 340 ரூபாய் எண்ணெயில் பால்மிட்டிக் 11.4, அவர் அனுப்பியிருந்த தாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெஹெனிக் 2.9. லினோலெனிக் வரியில் BLQ. எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு அன்றே இரண்டு லிட்டர் ஆர்டர் போட்டார்.

210 ரூபாய் எண்ணெயில் அயோடின் மதிப்பு 86. தேர்ச்சி. பால்மிட்டிக் 17.3.

அவருக்குப் போன் செய்தேன். சண்டை போடும் நோக்கம் இல்லை. எண்ணைச் சொன்னேன், பாமோலினில் அது எவ்வளவு, கடலையில் எவ்வளவு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்துவிட்டதாம். அவருடைய ஒரே செக்கு தாங்கவில்லை. பக்கத்து ஊர் ஆலை ஒன்றில் கடலை எண்ணெய் என்று சொல்லிப் பேரல் கணக்கில் வாங்கித் தன் எண்ணெயோடு சேர்த்து ஊற்றியிருக்கிறார். அவர்களும் ஓர் அறிக்கை கொடுத்தார்களாம். அதில் எட்டு வரி இருந்ததாம், எட்டிலும் தேர்ச்சியாம்.

எங்கள் ஏழு வீட்டுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். வெளியில் வாங்கி ஊற்றியதை மறைத்தது தப்புதான் என்று அவராகவே சொன்னார். பிறகு அறிக்கையின் நகலைக் கேட்டார். ஆலைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். அனுப்பிவைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்.

“அக்கா, தாள் வந்துருச்சுங்க. அந்த C16-ங்கிற வரி எத்தனாவது பக்கத்துல இருக்குதுங்க?”